ஆப் காட்டும் கட்டோரியா, வீட்டுக் குழிக்கரண்டியா?

சாப்பாட்டில் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து எவ்வளவு என்று மேக்ரோ கணக்குப் போடத் தொடங்கியபோது முதலில் சண்டை போட்டது பசியோடு இல்லை, ‘1 கட்டோரி’ என்ற சொல்லோடுதான். கலோரி கணக்கிடும் ஆப்பில் சாம்பார் என்று தேடினால் கட்டோரி, அதாவது சின்னக் கிண்ணம், என்ற கணக்கில் வருகிறது. எங்கள் வீட்டிலோ கிண்ணமே மூன்று அளவில் இருக்கிறது. சாம்பார் ஊற்றுவது கிண்ணத்திலும் இல்லை, குழிக்கரண்டியில். மோர் டம்ளரில். எது எத்தனை மில்லி என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருந்ததில்லை.

மூன்று வழிகளைப் பார்த்தேன். ஆப் சொல்லும் கட்டோரியை அப்படியே நம்புவது ஒன்று. தட்டில் விழும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடை போடுவது இன்னொன்று. நம் வீட்டுப் பாத்திரங்களை ஒரே ஒருமுறை தண்ணீர் ஊற்றி அளந்து வைத்துக்கொண்டு, சமைத்த குழம்பை மட்டும் பானையோடு நிறுத்துக் கணக்குப் போடுவது மூன்றாவது. நான் நின்றது மூன்றாவதில். ஆகவே இது நடுநிலை அலசல் இல்லை.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அளவுப் பாத்திரங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பாட்டி வீட்டு ஆழாக்கு 168 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. சமையல் குறிப்புகளில் வரும் கப் பெரும்பாலும் 240. எல்லாமே வாயில் ‘ஒரு கப்’தான். கட்டோரியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரு வாரத்துக்குத் தோராயமாக எங்கே நிற்கிறோம் என்று பார்க்க அது போதும். அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது வழியை இருபது நாள் செய்தேன். கையில் தட்டு, மேடையில் தராசு, பக்கத்தில் நோட்டு. சோறு 180, சாம்பார் 200, பொரியல் 90. எண்கள் துல்லியமாக இருந்தன. ஆனால் ஒருநாள் அம்மா, “இன்னைக்கு நாலு பேர் கூட வந்துட்டாங்க, சாம்பாரைக் கொஞ்சம் நீட்டிட்டேன்” என்றார். அன்றும் என் தட்டில் 200 கிராம்தான். நோட்டிலும் அதே புரதம்தான் எழுதினேன். தராசு பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. 200 கிராம் சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்று தராசுக்கு எப்படித் தெரியும்?

முடிவு அந்த இடத்தில்தான் ஆனது. மில்லியைக் கிராமாக மாற்றுவது சின்ன வேலை. சமைக்காத பருப்பு எத்தனை கிராம் போனது, அது எத்தனை கிராம் குழம்பாக வந்தது என்ற விகிதம்தான் உண்மையான கணக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையிலும் அரிசி, பருப்பு, காய் எல்லாம் பெரும்பாலும் சமைக்காத நிலையில், 100 கிராமுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். நாம் சாப்பிடுவதைப் பச்சைப் பொருளுக்குத் திருப்பிக் கொண்டுபோனால்தான் அந்த எண் உதவும்.

சரி, பாத்திரம் அளப்பதில் இருந்து வருகிறேன். தராசைச் சமதரையில் வைத்து, காலி டம்ளரை ஏற்றிப் பூஜ்யம் ஆக்கி, வழக்கமாக எதுவரை ஊற்றிக் குடிப்பீர்களோ அதுவரை தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்புவரை வேண்டாம், விளிம்புவரை யாரும் மோர் ஊற்றுவதில்லை. எங்கள் டம்ளர் விளிம்புவரை 210, வழக்கமான மட்டத்துக்கு 180. தண்ணீரில் ஒரு கிராம் ஒரு மில்லி என்பதால் தராசு காட்டும் எண்ணே மில்லி. தராசில் மில்லி பொத்தான் இருந்தால் அதைத் தொடாமல் கிராமிலேயே வையுங்கள். அது உள்ளே இருப்பது தண்ணீர் அல்லது பால் என்று வைத்துக்கொண்டு கிராமைத்தான் மாற்றிக் காட்டுகிறது. தராசின் மேல் சந்தேகம் இருந்தால் பிரிக்காத அரை லிட்டர் பால் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள். பால் தண்ணீரைவிடச் சற்று கனம், ஆகவே 515-க்குப் பக்கத்தில், பையோடு சேர்த்து ஓரிரண்டு கூட, காட்ட வேண்டும். 480 என்றோ 550 என்றோ காட்டினால் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம்.

குழிக்கரண்டி தராசில் நிற்காது. அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சாம்பார்ப் பாத்திரத்தையே தராசில் ஏற்றிப் பூஜ்யம் ஆக்குங்கள். ஒரு கரண்டி அள்ளி வெளியே எடுத்ததும் திரையில் −66 என்று வரும். நீங்கள் அள்ளிய கரண்டி 66 கிராம், அவ்வளவுதான். நாலைந்து தடவை அள்ளிப் பாருங்கள். எனக்கு 61-லிருந்து 70 வரை வந்தது, சராசரி 66. தோசை மாவுக்கும் இதே வேலைதான். மாவு பொங்கியிருக்கும்போது காற்று நிறைய இருப்பதால் மில்லி கணக்கு அங்கே உதவாது. கழியும் எண் உதவும். அதிகச் சூடான பாத்திரத்தை நேரே தராசில் வைக்காமல் ஒரு மரப்பலகையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பானைகள். காலிப் பானைகளின் எடையை ஒருமுறை குறித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்: சாம்பார்ப் பாத்திரம் 640, சின்ன வாணலி 910, குக்கர் மூடி இல்லாமல் 1,480. குக்கரை மூடியோடு ஏற்றினால் ஐந்து கிலோத் தராசு சில நாள் ‘எர்’ போட்டு நின்றுவிடும்.

ஒரு நாள் சாம்பாரை அப்படியே எடுத்துக்கொள்வோம். துவரம்பருப்பு 100 கிராம். இதில் புரதம் சுமார் 22 கிராம். முருங்கைக்காய், கத்தரிக்காய், தக்காளி, மற்றவை எல்லாவற்றிலும் சேர்ந்து ஒரு 4 கிராம் புரதம். தாளிக்க 15 மில்லி எண்ணெய். எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால் அது 14 கிராம் கொழுப்பு. கொதித்து இறக்கியதும் பாத்திரத்தோடு 1,840. பாத்திரம் 640 போக, சாம்பார் 1,200 கிராம். ஆக 100 கிராமுக்குப் புரதம் சுமார் 2.2. என் தட்டில் மூன்று கரண்டி, ஏறக்குறைய 200 கிராம் என்றால் 4.3 கிராம் புரதம். அம்மா நீட்டிய நாளில் அதே பருப்பு 1,600 கிராம் சாம்பாராக ஆனது. அன்று மூன்று கரண்டியில் 3.2 கிராம்தான். சாம்பார்ப் புரதத்தில் நாலில் ஒரு பங்கு காணாமல் போனது ஒரு சொம்பு தண்ணீரில்.

சோற்றில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். 200 கிராம் அரிசி ஒருநாள் உதிரியாக 560 கிராம் சோறு ஆகிறது. குழைய வைத்த நாளில் 700. தட்டில் 120 கிராம் சோறு என்றால் முதல் நாள் அது 43 கிராம் அரிசி, ஏறக்குறைய 150 கலோரி. இரண்டாம் நாள் 34 கிராம் அரிசி, 120 கலோரி. சோற்றுக்கு மட்டும் கிண்ணத்தை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. அதே கிண்ணத்தில் உதிர்த்துப் போட்டால் 95 கிராம், கரண்டியால் அமுக்கினால் 130. குழம்பு, மோர், ரசத்துக்குப் பாத்திர அளவு சரிப்படும், சோற்றுக்குத் தராசுதான். ரசத்துக்கு நான் கணக்கே போடுவதில்லை, தாளித்த எண்ணெயை மட்டும் எழுதிக்கொள்வேன்.

எண்ணெய்க்குக் கரண்டியும் வேண்டாம். அடியில் ஒட்டுகிறது, விளிம்பில் வழிகிறது. புட்டியைச் சமைக்கும் முன் ஒருமுறை, பின் ஒருமுறை நிறுக்கிறேன். வித்தியாசம்தான் போன எண்ணெய். தராசின் மேலேயே துளித்துளியாக ஊற்றி அளக்கப் பார்த்தேன். மலிவான தராசுகள் மெல்ல ஏறும் எடையைப் பூஜ்யத்தின் தள்ளாட்டம் என்று நினைத்து விட்டுவிடுகின்றன. எட்டுக் கிராம் ஊற்றியதற்கு 3 என்று காட்டியது.

இந்த வழியில் தவறு வரும் இடம் ஒன்று உண்டு, அது எண்ணில் தெரியாது. சாம்பார் அரை மணி நேரம் நின்றால் பருப்பு அடியில் தங்கிவிடும். மேலாக அள்ளிய கரண்டியும் கிட்டத்தட்ட 66 கிராம்தான் காட்டும், அடியில் அள்ளியதும் அப்படியே. ஆனால் இரண்டிலும் பருப்பு ஒன்றில்லை. மேலே தெளிவாக நீர் பிரிந்து நின்றால் அடியோடு கலக்கிவிட்டு அள்ளுங்கள். எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவருக்குக் கெட்டிச் சாம்பார் விழுவதன் ரகசியம் இதுதான்.

பராமரிப்பு என்று பார்த்தால் ஒவ்வொரு வேளையும் தட்டை நிறுப்பதற்குப் பதில் சமையலுக்கு இரண்டு எடை: அரிசி பருப்பு போகும்போது ஒன்று, இறக்கிய பானை ஒன்று. சமைப்பவர் வேறொருவர் என்றால் முதல் எடைக்கு அவர் தயவு வேண்டும். அம்மா தராசைத் தொடமாட்டார். அதனால் அவர் அரிசி அளக்கும் டம்ளரில் தலைதட்டி அரிசி போட்டு நிறுத்து, 165 கிராம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அரிசி ரகம் மாறினால் அதை மறுபடி நிறுக்க வேண்டும்; பருப்புக்குத் தனி எண்.

கறிக் குழம்பில் இதை இரண்டே முறைதான் செய்து பார்த்தேன், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஒரு கரண்டியில் இரண்டு துண்டு விழுகிறது, அடுத்ததில் ஐந்து. கரண்டி சராசரி அங்கே அர்த்தமில்லாமல் போய்விட்டது. துண்டுகளைத் தனியாக எடுத்து எலும்பு போக நிறுத்து, சாற்றைக் கரண்டியில் கணக்கிட்டதுதான் ஓரளவு பொருந்தியது. வெளியில் சாப்பிடும் நாளில் ஆப்பின் கட்டோரியைத்தான் நானும் போடுகிறேன்.

போன மாதம் பழைய குழிக்கரண்டியின் காம்பு உடைந்து புதிது வாங்கினோம். பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. பாத்திரத்தை ஏற்றி ஒரு கரண்டி அள்ளினேன்: −81.