கேள்வி கடைசியிலா, படத்துக்குப் படமா?

வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் செய்வதை எழுத்துப் பழக்கம் குறைந்த பெரியவர்களுக்குச் சொல்லித்தர இரண்டு வழிகள் உண்டு. எல்லாப் படங்களையும் காட்டிவிட்டு, கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்கலாம். நேரம் மிச்சம்தான்; எல்லோரும் தலையாட்டுவார்கள், அளவு நினைவில் நின்றதா என்பது மட்டும் தெரியாது.

இன்னொன்று, ஒரு படம், ஒரு அளவு, உடனே ஒரு கேள்வி. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர். அப்புறம் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை. அப்புறம் அரைத் தேக்கரண்டி உப்பு. படத்தைக் கவிழ்த்து வைத்து, "உப்பு எவ்வளவுங்க?" என்று கேளுங்கள். "ஒரு கரண்டி" என்று பதில் வந்தால் அங்கேயே திருத்திவிடலாம். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் இந்தக் கேள்வியை இடையிடையே திரும்பக் கேட்க வேண்டும். மெதுவாகப் போனாலும் நான் இதைத்தான் எடுப்பேன். படங்களுக்கு நடுவே அம்புக்குறி வேண்டாம், பலருக்கு அது பழக்கமில்லை. படங்களைக் கலைத்துக் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள்.