'கோல்டு ஃபாயில் லுக்' டிசைனை நம்பி ஏமாந்த கதை

தங்கையின் கல்யாணப் பத்திரிகைக்காக ஆன்லைனில் ஒரு டிசைன் வாங்கினேன். சுற்றிலும் ரோஜாக் கொடி, அதன் மேல் தங்க ஜரிகை போல மின்னும் கோடு, நடுவில் பெயரும் தேதியும் போட வெளிர் நிறக் கட்டம். 'வெக்டர் ஃபைல், அச்சுக்குத் தயார்' என்று போட்டிருந்தார்கள். வெக்டர் என்றால் கோடுகளாக வரைந்தது, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. மாதிரிப் படம் அவ்வளவு அழகு.

அச்சகத்தில் கொடுத்தபோது, அங்கே இருந்தவர் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் திறந்து, வெறும் கோடுகளை மட்டும் காட்டும் அவுட்லைன் பார்வைக்குப் போக Ctrl+Y அழுத்தினார். உண்மையான வெக்டர் என்றால் ஒவ்வொரு இதழும் இலையும் கோடு கோடாகத் தெரிய வேண்டும். திரையில் தெரிந்ததோ ஒரே ஒரு வெறும் செவ்வகம். EPS ஃபைலுக்குள் ஒரு JPEG படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள்! அதுவும் 750×1050 பிக்சல். 5×7 அங்குலக் கார்டுக்கு அது அங்குலத்துக்கு 150 புள்ளி, அதாவது 150 டிபிஐதான், வழக்கமாக அச்சுக்குக் கேட்பதில் பாதி. பூ விளிம்பெல்லாம் மங்கலாகத்தான் வரும் என்றார்.

சரி, தங்கமாவது கிடைக்குமா என்று கேட்டேன். அங்கேதான் பெரிய அடி. திரையில் மின்னுவது மஞ்சளும் பழுப்பும் வெள்ளையும் கலந்த நிறச்சாயல் மட்டுமே. சாதாரண நான்கு வண்ண மையில் அச்சடித்தால் மின்னாது. சோதனைக்கு ஒரு தாள் எடுத்துக் கொடுத்தார். கடுகு அரைத்துப் பூசியது போல இருந்தது. நிஜ ஃபாயில் என்பது மின்னும் மெல்லிய தகட்டைச் சூட்டில் அழுத்தி ஒட்டுவது. அது வேண்டுமென்றால், தங்கமாக வர வேண்டிய பகுதி மட்டும் தனி லேயரில், சாயல் எதுவும் இல்லாமல் ஒரே திட நிறத்தில் இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் ஃபாயிலை அழுத்தும் அச்சைச் செய்வார்கள். கோடு மயிரிழை போல இருந்தால் ஃபாயில் விட்டு விட்டு ஒட்டும். என் ஃபைலில் பூவும் தங்கமும் ஒரே படமாகக் குழைந்திருந்ததால் பிரிக்கவே வழியில்லை.

பெயர்க் கட்டமும் அதே கதைதான். மாதிரிக்குப் போட்டிருந்த ஆங்கிலப் பெயர்கள் படத்தோடு படமாக ஊறியிருந்தன. அழித்தால் திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

விற்றவருக்கு எழுதினேன். "நாங்கள் 'ஃபாயில் லுக்' என்றுதானே போட்டிருக்கிறோம், ஃபாயில் என்று சொல்லவில்லையே" என்று பதில். டவுன்லோடு செய்துவிட்டதால் பணமும் திரும்பாதாம். அந்த 'லுக்' என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை, உண்மைதான். ஆனால் 'வெக்டர்' என்றது அப்பட்டமான பொய். அதைக் கேட்ட பிறகு பதிலே இல்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் அவுட்லைன் பார்வையின் ஸ்கிரீன்ஷாட்டும் லேயர் பட்டியலும் கேளுங்கள். பூ, ஃபாயில், கட்டம், எழுத்து நான்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அனுப்பத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கடைசியில் அச்சகத்துக்காரரே எளிமையான ஒரு பார்டரைப் புதிதாக வரைந்து, பெயர்களுக்கு மட்டும் நிஜ ஃபாயில் போட்டுக் கொடுத்தார். பத்திரிகை கைக்கு வர பத்து நாள் தாமதம். அந்த டிசைன் இன்னும் 'வெக்டர்' என்றே விற்பனையில் இருக்கிறது.