தாளம் பிடிபடாதவர்களையும் விரட்டாத ரிதம் கேம்: ஹை-ஃபை ரஷ்

பாட்டு கிளாஸ் பக்கமே போனதில்லை, ஆனாலும் ரிதம் கேம் ஆட ஆசை என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஹை-ஃபை ரஷ்தான். டேங்கோ கேம்வொர்க்ஸ் உருவாக்கிய இது 2023 ஜனவரியில் வெளியானது. கதையை எப்போதோ முடித்துவிட்டேன், இன்றும் பிடித்த கட்டங்களைத் திரும்பத் திரும்ப எடுத்து ஆடுகிறேன்.

பல ரிதம் கேம்களில் குறி ஒன்று நகர்ந்து வரும், சரியான நேரத்தில் தட்டாவிட்டால் மிஸ், மிஸ்கள் சேர்ந்தால் பாட்டே நின்றுவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. பட்டனை எப்போது அழுத்தினாலும் நாயகன் சாய் கிடாரைச் சுழற்றுவான், அந்த அடி விழுவது பீட்டில்தான்; அசைவைப் பாட்டோடு பொருத்துவதை கேமே பார்த்துக்கொள்கிறது. அதனால் காதுக்கு எப்போதும் சரியாகவே கேட்கும். நீங்களும் பீட்டில் அழுத்தினால் அடி பலமாக விழும், மதிப்பெண் கூடும், அவ்வளவுதான்.

லேசான அடிக்கு ஒரு பீட், கனமான அடிக்கு இரண்டு பீட். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று என்னும்போது கனமான அடி, இரண்டில் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள், மூன்றில் மறுபடி அடி. அந்த இரண்டாவது பீட்டில் பொறுக்க முடியாமல் பட்டனைப் போட்டுத் தட்டுவதால்தான் புதிதாக ஆடுபவர்களுக்குத் தாளம் தவறுகிறது. காதை நம்ப முடியாவிட்டால் கண் போதும்: கூடவே வரும் 808 என்ற ரோபோ பூனை பீட்டுக்குத் துடிக்கும், சுற்றியிருக்கும் பொருட்களும் ஆடும், திரையின் கீழே பீட் காட்டும் பட்டையையும் வரவழைத்துக்கொள்ளலாம்.

சிரமம் எங்கே என்றால் பாரியில், அதாவது எதிரியின் அடியைத் தடுப்பதில். சில எதிரிகள் முதலில் ஒரு தாளக்கட்டைக் காட்டிவிட்டு அதே கட்டில் அடிப்பார்கள், நாம் அதைத் திருப்பித் தட்டித் தடுக்க வேண்டும், தவறினால் உயிர் குறையும். கோர்சிகா என்ற பாஸ் எதிரியுடனான சண்டை பெரும்பாலும் இதுதான். அவள் காட்டும்போதே வாயால் 'தட் தட்... தட்' என்று கூடவே சொல்லிப் பாருங்கள், கை தானாக வரும். அப்போதும் முடியாவிட்டால் ஈஸிக்கு மாற்றிக்கொள்ளலாம், கதையில் எதுவும் குறையாது.

இன்னொன்று, ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில் ஒரு பீட் அரை நொடிதான், சில ஹெட்போன்களில் ஒலி 0.2 நொடி தாமதமாக வரும், அதாவது கிட்டத்தட்ட பாதி பீட். சரியாகத்தான் தட்டுகிறோம் என்று தோன்றியும் கட்டத்தின் முடிவில், எவ்வளவு சரியாகப் பீட்டில் தட்டினோம் என்று காட்டும் ஜஸ்ட் டைமிங் எண் மட்டும் குறைவாகவே வருகிறதா? ஒயர் உள்ள இயர்போனைப் போட்டு அதே கட்டத்தை ஒருமுறை ஆடுங்கள். எண் ஏறினால் கோளாறு உங்கள் கையில் இல்லை. டிவியில் ஆடுகிறவர்கள் டிவியின் கேம் மோடைப் போட்டுவிட்டு, கேமின் செட்டிங்ஸில் இருக்கும் காலிபிரேஷனையும் ஒருமுறை முடித்துவிடுங்கள்.