மரப்பட்டையா, இலைமயிரா? மலேரியாவுக்கு எதிராக இரண்டு தாவரங்கள்

சின்கோனா மரம் தரும் குயினைன் ஓர் ஆல்கலாய்டு, அதாவது நைட்ரஜன் கொண்ட தாவரப் பொருள். ஆர்டிமிசியா அன்னுவா என்ற ஓராண்டுச் செடி தரும் ஆர்டிமிசினின் டெர்பீன் வகை, அதாவது ஐந்து கார்பன் கொண்ட துண்டுகளைக் கோத்து உருவாகும் பொருள். இரண்டும் தாக்குவது ஒரே ஒட்டுண்ணியைத்தான்.

குயினைனை மரம் இரண்டு துண்டுகளை ஒட்டித் தயாரிக்கிறது. ஒன்று டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து வரும் நைட்ரஜன் துண்டு. மற்றது செகோலோகனின் என்ற டெர்பீன் துண்டு. ஆக, ஆல்கலாய்டு என்று பெயர் வாங்கியதன் உடம்பிலும் பாதி டெர்பீன்தான். சரக்கு பட்டையில் சேர்கிறது. அதன் கடும் கசப்பே பூச்சிகளைக் கடிக்கவிடாமல் தடுக்கிறது. நமக்குத்தான் தொல்லை: பட்டை உரிக்க மரம் வளரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆர்டிமிசியாவின் ஏற்பாடு எனக்கு இன்னும் பிடிக்கும். இலையை உருப்பெருக்கியில் பார்த்தால் மேற்பரப்பில் மினுமினுக்கும் குமிழ்கள் தெரியும். ஒவ்வொன்றும் பத்தே செல்கள் கொண்ட சுரப்பி மயிர். செல்கள் சுரப்பது வெளித்தோலுக்கு அடியில் பையாகத் தேங்குகிறது. இலையைக் கசக்கினால் பை உடைந்து கற்பூர வாசனை எழும். ஆர்டிமிசினின் தாவரச் செல்களுக்கே நஞ்சு. பிற விதைகளின் முளைப்பையும் தடுக்கும். அதனால்தான் செடி அதை உயிர்ச் செல்லுக்கு வெளியே வைக்கிறது. நொதிகள் கடைசிக்கு முந்தைய பொருள்வரை செய்துவிட்டு நின்றுவிடுகின்றன. முடிவு வேலையை ஒளியும் ஆக்சிஜனுமே பார்த்துக்கொள்கின்றன என்பதே பரவலான கருத்து. அப்போது உருவாகும் பெராக்சைடு பாலம், அதாவது இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் இணைப்புதான் மருந்தின் உயிர். செடியைச் சூடாக்கி மருந்தைப் பிரித்தபோது பலன் சீராக இல்லை. 1971-இல் சீன விஞ்ஞானி து யூயூ குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானால் பிரித்த பிறகே எலிகளில் முழுப் பலன் தெரிந்தது.

ஒட்டுண்ணி நம் ஹீமோகுளோபினைத் தின்னும்போது ஹீம் என்ற கழிவு மிஞ்சும். அது நஞ்சு என்பதால் ஒட்டுண்ணி அதைப் படிகமாக்கி ஒதுக்கும். குயினைன் அந்தப் படிகமாக்கலைக் கெடுப்பதாகவே கருதப்படுகிறது. ஆர்டிமிசினினோ ஹீமிலுள்ள இரும்பால் பாலம் உடைந்து, அங்கேயே வெடித்துப் பல புரதங்களைச் சிதைக்கிறது.

கடுமையான மலேரியாவில் எது மேல் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. 2005-இல் வெளியான ஆசிய ஆய்வில் குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்டிமிசினினிலிருந்து செய்யும் ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். குயினைன் இரத்தச் சர்க்கரையையும் சரித்துவிடும். காதில் இரைச்சல் வேறு.

ஆனால் ஆர்டிமிசினின் வகை மருந்துகள் சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கிவிடும். மிஞ்சும் ஒட்டுண்ணிகளைத் தீர்க்க நீண்ட நேரம் தங்கும் துணை மருந்து ஒன்று கட்டாயம் தேவை. கம்போடியாவில் கெல்ச்13 என்ற மரபணு மாறிய ஒட்டுண்ணிகள் இம்மருந்துகளால் மெதுவாகவே சாகின்றன. சிகிச்சையின் மூன்றாம் நாள் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் இரத்தத்திலும் ஒட்டுண்ணிகள் தென்பட்டால், எதிர்ப்புத்திறன் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.