வாரத்துக்கு ஏழு வீடியோ: தினமும் ஒன்றா, ஒரே அமர்வில் ஏழுமா?

வல்லினம் மிகும், மிகா இடங்களைப் பற்றி ஒரு நிமிட வீடியோக்கள் போடுகிறேன். முன்பு தினமும் ஒன்று எடுத்தேன். இப்போது ஞாயிறு காலையில் ஏழையும் ஒரே அமர்வில் முடித்துவிடுகிறேன். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

விளக்கு, ஸ்டாண்ட், மைக் எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒரு முறை மாட்டினால் போதும் என்பது சொல்லாமலே புரியும். ஆனால் அது சின்ன லாபம்தான். என்னை மாற்றியது எடிட்டிங்.

தினமும் எடுக்கும்போது ஒவ்வொரு நாளும் வெளிச்சம் கொஞ்சம் மாறும், மைக் ஓர் அங்குலம் தள்ளி இருக்கும். அதனால் நிறத்தையும் ஒலியையும் ஒவ்வொரு வீடியோவுக்கும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். ஒரே அமர்வில் எடுத்தால் முதல் வீடியோவைச் சரிசெய்து, அதே அமைப்பை மற்ற ஆறுக்கும் அப்படியே ஒட்டிவிடலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கேமராவில் எதுவும் ஆட்டோவில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வீடியோவுக்கும் சட்டை மாற்றுகிறோம் அல்லவா? எக்ஸ்போஷர் ஆட்டோவில் இருந்தால் வெள்ளைச் சட்டைக்கு முகம் கறுக்கும், கருநீலச் சட்டைக்கு வெளுக்கும். ஒயிட் பேலன்ஸையும் விளக்குக்கு ஏற்பப் பூட்டிவிட வேண்டும். பகல் வெளிச்ச எல்.இ.டி. என்றால் 5600K. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் விளக்கின் துடிப்பு படத்தில் தெரியாது. ஜன்னலுக்குக் கனமான திரை போடுவது கட்டாயம். இல்லாவிட்டால் காலை எட்டு மணி முகமும் பதினோரு மணி முகமும் வேறு வேறாக இருக்கும்.

மீதிப் பாதி வேலையை ஸ்கிரிப்ட் வார்ப்புரு செய்கிறது. என்னுடையதில் ஐந்து கட்டங்கள்: தவறான வரி, திருத்தம், காரணம், இரண்டு எடுத்துக்காட்டு, ஒரு பயிற்சி. எல்லாம் சேர்த்து நூற்றுப் பத்துச் சொற்களுக்குள். ஒரு நாளுக்கு இப்படி வரும்: ‘அந்த பையன்’ தவறு, ‘அந்தப் பையன்’ சரி, அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின் வல்லினம் மிகும், இந்தக் கடை, எந்தத் தெரு, ‘அந்த சட்டை’ சரியா, சொல்லுங்கள். அடுத்த வீடியோவுக்கு ‘கத்தியை பிடி’ என்று தொடங்கி, காரணத்தில் இரண்டாம் வேற்றுமை உருபை வைத்தால் போதும். கட்டங்கள் மாறாததால் திரையில் வரும் எழுத்துகளின் இடமும் அளவும் எடிட்டிங் கோப்பில் தயாராக இருக்கின்றன. சொற்களை மட்டும் மாற்றுகிறேன். ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் ஒரு கைதட்டு, வரி பிசகினால் இரண்டு தட்டு. ஒலி அலையில் அவை கூராக நிற்பதால் வெட்ட வேண்டிய இடத்தைத் தேட வேண்டியதில்லை.

எல்லாத் தலைப்பும் இதில் அடங்கும் என்று சொல்ல மாட்டேன். ‘படித்துப் பார்’ என்பதில் மிகுகிறது, ‘செய்து பார்’ என்பதில் மிகுவதில்லை. முன்னது வன்தொடர்க் குற்றியலுகரம், பின்னது இடைத்தொடர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் புரியும். காரணத்துக்கும் கூடுதல் நேரம் வேண்டும். அப்படிப்பட்ட நாளில் பயிற்சிக் கட்டத்தை எடுத்துவிடுகிறேன்.

ஒரே அமர்வின் நிஜமான பலவீனம் குரல். ஐந்தாவது வீடியோவில் வேகம் கூடும், வாக்கியத்தின் கடைசிச் சொல் அமுங்கும். பேசும்போது அது நமக்குத் தெரியாது. முதல் வீடியோவின் முதல் வரியையும் ஐந்தாவதன் முதல் வரியையும் அடுத்தடுத்துக் கேட்டால் உடனே தெரியும். கடினமான தலைப்புகளை இரண்டாவது, மூன்றாவது இடத்தில் வைப்பது அதனால்தான். ஃபேனை வேறு அணைத்துவிடுவதால், நடுவில் கால் மணி நேரம் வெளியே வந்து உட்காராமல் முடியாது. இன்னொன்று: மைக்கில் கரகரப்பு இருந்தால் ஏழு வீடியோவும் போச்சு. தினசரி முறையில் ஒன்றுதான் போகும். முதல் வீடியோ முடிந்ததும் ஹெட்போனில் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் சட்டை மாற்ற வேண்டும்.

செய்திகளைப் பேசும் சேனலுக்குத் தினசரிதான் சரி, அதில் வாதமே இல்லை. என் அனுபவமும் முகம் காட்டிப் பேசும் வீடியோவோடு சரி. சமையல் மாதிரி மேசையையே மாற்றி அடுக்க வேண்டிய வகைகளில் இவ்வளவு மிச்சமாகும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

வாரத்தின் நடுவில் யாராவது நல்ல கேள்வி கேட்டால் அதற்குத் தனியாக ஒன்று எடுக்கிறேன். அதை ஞாயிற்றுக்கிழமை வீடியோ போலக் காட்ட முயல்வதில்லை. மொட்டை மாடியில், கையில் போனைப் பிடித்தபடி, வார்ப்புரு இல்லாமல் எடுக்கிறேன். வேறு வகை என்று பார்த்ததும் தெரிந்துவிடுவதால் நிறத்தைப் பொருத்தும் வேலையும் இல்லை.