ரேஷன் உதவி எண் பதிவைச் சுருக்குவது: பேசிய வரிசையா, செய்யும் வரிசையா?

சிங்கப்பூரில் துவாஸ் தங்குவிடுதியில் இருக்கும் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு அனுப்பினார். ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியும் குடும்ப அட்டையில் அவர்தான் தலைவர். அதை மாற்ற அம்மா ரேஷன் உதவி எண் 1967-க்குப் பேசியதை அக்கா மகன் பதிவு செய்திருந்தான். அந்த நான்கு இலக்க எண்ணை இங்கிருந்து அழைக்க முடியாது. அதனால் ஊரில் பேசிப் பதிவை அனுப்புவதுதான் பலருக்கும் வழி. "பதினோரு நிமிஷம் ஓடுதுண்ணே. அம்மா என்ன செய்யணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்றார்.

முதலில் காதில் விழுந்த வரிசையிலேயே எழுதினேன். 'இறப்புச் சான்றிதழோடு இ-சேவை மையம் போகவும். தலைவர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவும். பதிவு செய்த கைபேசிக்கு ஓடிபி வரும். எண்ணை மாற்ற வட்ட வழங்கல் அலுவலகம் போகவும். புதுத் தலைவரின் படம் வேண்டும். விண்ணப்ப எண்ணைக் குறித்துவைக்கவும்.' ஒரு சொல்லும் விடுபடவில்லை, எழுதவும் பத்து நிமிடம்தான் ஆனது. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா புறப்பட்டால் முதல் நாளே திரும்பி வர வேண்டியதுதான்.

காரணம் நாலாவது நிமிடத்தில் இருக்கிறது. ஓடிபி என்று உதவி எண்ணில் பேசிய அம்மையார் சொன்னதும், "அது அவரு நம்பரும்மா, இப்ப ஓடல" என்கிறார் அம்மா. "அப்படின்னா முதல்ல நம்பரை மாத்திட்டு வாங்க" என்று பதில் வருகிறது. அந்த ஒரு வாக்கியம் அதற்கு முன் சொன்ன எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடுகிறது. உதவி எண்ணில் பேசுபவர் பொதுவான வழியைத்தான் முதலில் சொல்வார். நம் வீட்டுச் சிக்கல் கேள்வி கேட்கக் கேட்கத்தான் வெளியே வரும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது பெரும்பாலும் பேச்சின் நடுவில்தான் கிடக்கும்.

அப்புறம் செய்யும் வரிசையில் திருப்பி எழுதினேன். 'ஒன்று: ஆதார், குடும்ப அட்டை, ஒரு மனு எடுத்துக்கொண்டு வட்ட வழங்கல் அலுவலகம் போய் உங்கள் கைபேசி எண்ணைப் பதியச் சொல்லுங்கள். இரண்டு: எண் மாறியது உறுதியானதும், இறப்புச் சான்றிதழும் உங்கள் புகைப்படமும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையம் போங்கள். அந்தக் கைபேசியும் கையில் இருக்கட்டும். மூன்று: விண்ணப்ப எண்ணை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.' ஆறு வரி மூன்றானது. ஒவ்வொன்றும் ஒரு இடம், அங்கே கொண்டுபோக வேண்டியது, கையில் வாங்கி வர வேண்டியது என்று நிற்கிறது.

இதற்கு நேரம் பிடிக்கும். பதிவை மூன்று முறை கேட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் 'இது நடக்க முன்னால் எது முடிந்திருக்க வேண்டும்?' என்று கேட்டு அடுக்க வேண்டியிருந்தது. இந்த முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. வரிசையை மாற்றும்போது 'இருந்தால்' என்ற சொல் உதிர்ந்துவிடும். "சான்றிதழ்ல பேரு ஆதார்ல உள்ள மாதிரியே இருந்தா பிரச்சனை இல்லை" என்றுதான் அந்த அம்மையார் சொன்னார். நான் 'பெயரில் பிரச்சனை இல்லை' என்று எழுதிவிட்டேன். தம்பியிடம் இரண்டின் படத்தையும் அனுப்பச் சொன்னால், ஒன்றில் ரெங்கசாமி, மற்றதில் ரங்கசாமி. உடனே முதல் படியிலேயே ஒரு வரி சேர்த்தேன்: 'பெயர் எழுத்து வேறாக இருக்கிறது, அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.' அதன் பிறகு நிபந்தனையோடு வரும் வாக்கியத்தை மட்டும் பேசியவர் சொல் மாறாமல் எழுதுகிறேன்.

'கார்டு' என்ற சொல்லும் அப்படித்தான். அம்மா ஆதாரையும் கார்டு என்கிறார், ரேஷன் அட்டையையும் கார்டு என்கிறார். எது என்று தெரியாத இடத்தில் ஊகித்து எழுதாமல் அம்மாவிடமே கேட்டுவிட வேண்டும்.

பேசிய வரிசைக் குறிப்பை நான் கிழித்துப் போடவில்லை. அலுவலகத்தில் "யார் அப்படிச் சொன்னது?" என்று கேட்டால், 4 நிமிடம் 50 வினாடியில் என்று பதிவில் இடம் காட்ட அதுதான் வேண்டும். அது தம்பியின் கைபேசியில் இருக்கட்டும். அம்மாவுக்குப் போக வேண்டியது செய்யும் வரிசைத் தாள் மட்டுமே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எதைப் பார்ப்பது என்று திணறிப்போவார்.

தாளைப் பெரிய எழுத்தில் எழுதிப் படம் எடுத்து ஞாயிற்றுக்கிழமை அனுப்பினோம். ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால், காலை 10 மணிக்கு அம்மா அலுவலகத்தில் நிற்கும்போது இங்கே பகல் 12.30, தம்பிக்குச் சாப்பாட்டு வேளை. சந்தேகம் வந்தால் அழைக்கச் சொல்லி அவர் எண்ணையும் தாளின் மேலேயே எழுதினேன். மூன்றாவது படிக்கு நேராக ஒரு கோடு காலியாக விட்டிருக்கிறேன், விண்ணப்ப எண் எழுத.