நிலவு நகராத பக்கம்: படவில்லைகளைப் பிடிஎஃப் ஆக்கிய நான்கு ஆண்டு அனுபவம்

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5 மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். பாடத்தைப் பவர்பாயிண்ட் படவில்லைகளாகத் தயாரித்து வகுப்பில் காட்டுவதும், அன்று மாலையே அதைப் பிடிஎஃப் கோப்பாக்கிப் பெற்றோரின் புலனக் குழுவுக்கு அனுப்புவதும் நான்கு ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை. மூலக் கோப்பையே அனுப்ப முடிவதில்லை. காணொளி உள்ள ஒரு பாடம் 80 மெகாபைட்டைத் தாண்டிவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் மாணவர்கள் அதைத் திறப்பது பெற்றோரின் திறன்பேசியில்தான். அதே பாடம் பிடிஎஃப் வடிவில் 3 மெகாபைட்டுக்குள் அடங்குகிறது, எல்லாத் திறன்பேசியிலும் திறக்கிறது. இந்த மாற்றத்தில் எதை இழக்கிறோம் என்பதை முதல் ஆண்டில் நான் கவனிக்கவில்லை. கவனிக்க வைத்தது நிலவின் கலைகள் பற்றிய பாடம்.

அந்தப் பாடத்தின் ஒன்பதாவது படவில்லையில் வலப்பக்கம் சூரியன், நடுவில் பூமி, சூரியனுக்கும் பூமிக்கும் இடையில் நிலவு. சொடுக்கச் சொடுக்க நிலவு வட்டப்பாதையில் நகரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீழே உள்ள ஒரே இடத்தில் பழைய பெயர் மறைந்து புதிய பெயர் தோன்றும்: அமாவாசை, வளர்பிறை அரைநிலவு, பௌர்ணமி, தேய்பிறை அரைநிலவு. வகுப்பில் இது நன்றாகவே வேலை செய்தது. மறுநாள் ஒரு மாணவி வீட்டுப்பாடத்தில், சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலவு வரும்போது பௌர்ணமி ஏற்படுகிறது என்று எழுதி வந்தாள். வகுப்பில் கவனமாகக் கேட்ட பிள்ளை அவள். எங்கே படித்தாய் என்று கேட்டபோது, "நீங்கள் அனுப்பிய கோப்பில்தான் டீச்சர்" என்று பதில் வந்தது. திறந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. என் பக்கம்தான் தவறு.

நடந்தது இதுதான். பிடிஎஃப் ஆக்கும்போது பவர்பாயிண்ட் ஒரு படவில்லையை ஒரு பக்கமாகவே எழுதுகிறது. எந்தச் சொடுக்கில் எது தோன்றும், எது மறையும் என்ற வரிசை முழுவதையும் விட்டுவிட்டு, படவில்லையில் இருக்கும் எல்லாப் பொருள்களையும் திருத்தும் திரையில் அவை இருக்கும் இடத்திலேயே வரைந்துவிடுகிறது. பாதையில் நகரும் பொருள் அதன் தொடக்க இடத்தில் நிற்கும். மறைந்து போக வேண்டியது மறையாது. ஆகவே என் நிலவு சூரியன் பக்கமே நின்றது. நான்கு பெயர்ப் பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. பௌர்ணமி என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருந்ததால் அந்தப் பெட்டியை மட்டும் கடைசியாகப் புதிதாகச் செய்திருந்தேன். கடைசியாகச் செய்தது அடுக்கின் மேலே வந்தது. வெள்ளைப் பின்னணி கொண்ட பெட்டி என்பதால் கீழே இருந்த மூன்றையும் மூடிவிட்டது. விளைவாக, அமாவாசை நிலையில் நிற்கும் நிலவின் கீழே பௌர்ணமி என்று அச்சிட்டதுபோலத் தெளிவாக இருந்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பியிருந்தால்கூடப் பிள்ளை ஐயப்பட்டிருப்பாள்.

அதன் பிறகு இழப்புகளை நான் ஒரே வகையாகப் பார்ப்பதில்லை. ஒரு படவில்லையிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது வரும் மினுக்கல்கள் போய்விட்டால் யாருக்கும் நட்டமில்லை. காணொளி இருந்த இடம் வெறும் கட்டமாகிவிட்டால், இங்கே ஏதோ இல்லை என்பதாவது படிப்பவருக்குத் தெரியும். ஆனால் மறைய வேண்டியது மறையாமலும் நகர வேண்டியது நகராமலும் போகும் பக்கம் தவறான செய்தியைச் சரியானதுபோலச் சொல்கிறது. என் நேரத்தில் பெரும்பகுதியை இப்போது இந்தக் கடைசி வகைக்கே செலவிடுகிறேன்.

அதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. முதலில் கோப்பின் நகலை எடுத்துக்கொண்டு, Animation Pane-ஐத் திறந்து படவில்லை படவில்லையாகப் பார்க்கிறேன். தோன்றும் அசைவூட்டம் பச்சை நட்சத்திரமாகவும், அழுத்தம் தரும் அசைவூட்டம் மஞ்சளாகவும், மறையும் அசைவூட்டம் சிவப்பாகவும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். பச்சை மட்டுமே உள்ள படவில்லை பெரும்பாலும் பத்திரமானது. எல்லாம் தோன்றி முடிந்த கடைசி நிலைதான் பக்கத்தில் வரும். சிவப்போ நகர்வுப் பாதையோ இருந்தால் அங்கே நின்று முடிவெடுக்க வேண்டும். மஞ்சளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது, ஏனெனில் சொடுக்கியதும் சிவப்பாக மாறும் விடை பிடிஎஃப் கோப்பில் பழைய கறுப்பிலேயே நிற்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக மறைந்துகிடக்கும் பெட்டிகளைக் காண Alt+F10 அழுத்தினால் வரும் பட்டியல் உதவும்.

பச்சையிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. கேள்வி முதலில், சொடுக்கியதும் விடை என்று அமைத்த படவில்லை பிடிஎஃப் கோப்பில் கேள்வியோடு விடையையும் சேர்த்தே காட்டும். அங்கே பொய் இல்லை, ஆனால் பயிற்சி கெட்டுவிடுகிறது. இப்போது விடைகளை வெட்டிக் கோப்பின் கடைசிப் பக்கத்திற்குக் கொண்டுபோய்விடுகிறேன்.

நிலவுப் படவில்லைக்குத் திரும்புகிறேன். முதலில் நான் எடுத்த வழி, அதை Ctrl+D கொண்டு எட்டாகப் பெருக்கி, ஒவ்வொன்றிலும் நிலவைக் கையால் அதற்குரிய இடத்தில் வைத்து, அந்த நிலைக்குரிய பெயரை மட்டும் விட்டு மற்றதை அழிப்பது. அந்த நான்கு நிலைகளுக்கும் இடைப்பட்ட நிலைகளையும் சேர்த்ததால் எட்டு. 22 பக்கம் 29 பக்கமானது. கோப்பு சரியாகவே இருந்தது, ஆனால் மாணவர்களுக்குப் பயன்படவில்லை. வகுப்பில் நிலவு கண் முன்னே நகர்ந்ததால் முந்திய நிலை மனத்தில் இருந்தது. திறன்பேசியில் எட்டுப் பக்கங்களை விரலால் தள்ளும்போது மூன்றாம் பக்கத்திற்கு வருவதற்குள் முதல் பக்கம் போய்விடுகிறது. ஒவ்வொரு சொடுக்கையும் தானாகவே ஒரு பக்கமாகப் பிரித்துத் தரும் துணைநிரல் ஒன்றையும் முயன்றேன். வரி வரியாகத் தோன்றும் எழுத்துகளையும் அது பிரித்ததால் 90 பக்கங்களுக்கு மேல் வந்தது. நகல் கடையில் அச்சடிக்கும் பெற்றோருக்கு அது தேவையற்ற செலவு.

பிறகுதான் காகிதத்திற்கு ஏற்ற வேறொரு வரைபடம் வேண்டும் என்று புரிந்தது. ஒரே பக்கத்தில் பூமியைச் சுற்றி எட்டு நிலவுகளை வைத்தேன். உள்வட்டத்தில் இருக்கும் எட்டிலும் சூரியனை நோக்கிய பாதி எப்போதும் வெளிச்சமாக இருக்கும். வெளிவட்டத்தில், பூமியிலிருந்து பார்த்தால் அந்தந்த நிலை எப்படித் தெரியும் என்பதையும் அதன் பெயரையும் எழுதினேன். நகர்வு போய்விட்டது, ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறத்தாழ 29.5 நாள் ஆகிறது என்பதை அம்புக்குறியும் ஒரு வரியும் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் எட்டையும் ஒரே பார்வையில் ஒப்பிட முடிகிறது, இதை என் அசைவூட்டம் ஒருபோதும் தந்ததில்லை. நிலவின் பாதி எப்போதும் ஒளிபெற்றே இருக்கிறது, அந்தப் பாதியில் நமக்குத் தெரியும் அளவுதான் மாறுகிறது என்ற உண்மை இந்தப் பக்கத்தில்தான் மாணவர்களுக்கு எளிதாகப் பிடிபட்டது. இன்று வகுப்பிலும் அசைவூட்டம் முடிந்ததும் இதையே காட்டுகிறேன்.

காணொளியின் கதை வேறு. இருட்டறையில் மேசை விளக்கையும் பந்தையும் வைத்து நானே எடுத்த 52 நொடிக் காணொளி அடுத்த படவில்லையில் இருந்தது. பிடிஎஃப் கோப்பில் அது கறுப்புக் கட்டமாக வந்தது. காணொளிக்குப் பதிலாக அதன் முகப்புப் படம் மட்டுமே பக்கத்திற்குப் போகும். நாமாக வேறு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் முதல் சட்டகமே முகப்பு. என் முதல் சட்டகம் விளக்கைப் போடுவதற்கு முந்திய இருட்டு. காணொளியைப் பந்து பாதி ஒளிர்ந்த நொடியில் நிறுத்தி, Poster Frame என்பதில் Current Frame-ஐத் தேர்ந்தெடுத்ததும் கட்டத்தில் பந்து வந்தது. ஆனால் அது காணொளி என்பதற்கான அடையாளம் எதுவும் பக்கத்தில் இல்லை. பார்ப்பவருக்கு அது ஒரு நிழற்படம், அவ்வளவே.

ஒலியோடு ஓடும் காணொளியைப் பிடிஎஃப் கோப்புக்குள் வைக்கும் வசதி தரத்திலேயே உண்டு, அதற்கான மென்பொருள்களும் உண்டு. ஆனால் திறன்பேசியில் பெற்றோர் திறக்கும் படிப்பான்களில் அது ஓடும் என்று நம்ப முடியாது. எனவே நான் அந்த வழிக்குப் போகவில்லை. காணொளியிலிருந்து நான்கு சட்டகங்களை எடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் விளக்கு எங்கே, பந்து எங்கே, கண் எங்கே என்று ஒரு வரி எழுதினேன். நிழல் பந்தின்மேல் மெல்ல நகர்வதை நான்கு படங்கள் தரமாட்டா. அதை விரும்புவோருக்காக, கீழே தனி எழுத்துப் பெட்டியில் காணொளியின் இணைப்பைச் சேர்த்தேன். காணொளியின் மூலம் கையில் இல்லையென்றால், கோப்பின் நகலுக்கு .zip என்று பெயரை மாற்றித் திறந்தால் ppt/media கோப்புறையில் அது கிடைக்கும்.

இணைப்பு சேர்த்த பிறகும் இரண்டு முறை ஏமாந்தேன். ஒருமுறை Microsoft Print to PDF வழியாக அச்சிடுவதுபோல அனுப்பிவிட்டேன். எழுத்து நீலமாகவே இருந்தது, தொட்டால் எதுவும் நடக்கவில்லை. இணைப்பு உயிரோடு இருக்க, அச்சிடாமல் Export பகுதியில் உள்ள Create PDF/XPS வழியாகப் போக வேண்டும். இன்னொரு முறை இணைப்பு திறந்தது, ஆனால் அனுமதி கேட்டு நின்றது. இரவு முழுக்கப் பெற்றோரின் வேண்டுகோள்கள் வந்துகொண்டிருந்தன. என் கணக்கில் நுழையாத உலாவியில் ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

ஒரு சிறிய விஷயத்தையும் சொல்ல வேண்டும். படவில்லைகளைப் பெருக்கினாலோ சேர்த்தாலோ எண்கள் தானாக மாறிவிடும். வகுப்பில் "ஒன்பதாவது படவில்லையைப் பாருங்கள்" என்று சொன்னதை மாணவர் குறித்து வைத்திருப்பார். வீட்டில் ஒன்பதாவது பக்கம் வேறொன்றாக இருக்கும். இப்போது தானியங்கி எண்ணை நீக்கிவிட்டு, சேர்த்த பக்கங்களுக்கு 9அ, 9ஆ என்று கையால் எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் பணியாற்றும் தோழி ஒருவர் கீநோட் பயன்படுத்துகிறார். அங்கே ஏற்றுமதி செய்யும்போதே அசைவூட்டத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் பக்கமாக்கும் தெரிவு இருக்கிறது. அவருடைய படவில்லைகள் எளிமையானவை என்பதால் அது அவருக்குப் போதுமானதாக இருக்கிறது.

சந்திர கிரகணப் படவில்லையில் மாணவர் தொடும் இடத்திற்கேற்ப வெவ்வேறு நிழல்கள் தோன்றும்படி அமைத்திருக்கிறேன். அதை நான்கு விதமாகப் பக்கமாக்கிப் பார்த்துவிட்டேன். எதுவும் தவறின்றி வரவில்லை. பிடிஎஃப் கோப்பிலிருந்து அதை முழுவதுமாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "இப்பகுதி வகுப்பில் மட்டும் காட்டப்படும்" என்ற ஒரு வரியை வைத்திருக்கிறேன்.